எட்டு வாள்கள் வந்தது, சரி. அதற்குப் பிறகு நான் சொன்னது சரியா?

நிலாச்சோறு | செவ்வாய், இரவு 11:20

வணக்கம். ஒன்றரை வருடமாக டாரட் படிக்கிறேன். தெரிந்தவர்களுக்கு மட்டும் ரீடிங் பார்ப்பேன், காசு வாங்குவதில்லை. சனிக்கிழமை அலுவலகத் தோழி ஒருத்திக்குப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கே தூக்கம் சரியில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். கேட்ட கேள்வி இது: "மூச்சு முட்டுது. நிஜமாவே என்னை அடைச்சு வச்சிருக்காரா, இல்ல நான்தான் பெருசு பண்றேனா?" ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டில் ஐந்து சீட்டு எடுத்தோம். இப்போதைய நிலைக்கு எட்டு வாள்கள். எது கட்டிவைத்திருக்கிறது என்பதற்கு எம்பரர், நேராக. அவள் கண்ணில் படாதது என்ன என்பதற்கு மூன். கையில் என்ன இருக்கிறது என்பதற்கு நான்கு பென்டகிள்ஸ். அடுத்து என்ன என்பதற்கு ஆறு வாள்கள்.

எட்டு வாள்களைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள். கண்ணைக் கட்டி, உடம்போடு கையைச் சுற்றிக் கட்டி, சுற்றிலும் வாள்கள் நட்டிருக்க நிற்கும் பெண். "இது நான்தான்" என்றாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மதியம் சாப்பிடும்போது தினமும் வீடியோ காலில் யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். ஏ.டி.எம். கார்டு அவரிடம். அம்மா போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். இரவில் போனை வாங்கிப் பார்ப்பார். ஒரு தடவை சண்டையில் கழுத்தைப் பிடித்திருக்கிறார், அது கோபத்தில் நடந்தது, அப்புறம் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்றாள்.

நான் சொன்னது: படத்தை நன்றாகப் பார், கால் கட்டப்படவில்லை, முன்பக்கம் வாள் இல்லை, நடந்தால் போய்விடலாம். கட்டு உன் மனதில்தான் இருக்கிறது. ஆறு வாள்கள் படகு. படகு தயார், நீ ஏறுவதுதான் பாக்கி. தெம்பாகக் கிளம்பிப் போனாள். ஸ்ப்ரெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். நேற்று அலுவலகத்தில் சொன்னாள், வெள்ளிக்கிழமை ராத்திரி அவரிடமே நேராகச் சொல்லிவிடப் போகிறாளாம், பிரிந்து போகிறேன் என்று.

நான் படித்தது சரியா? மூன் சீட்டு வேறு உறுத்துகிறது.

வழிப்போக்கன் | செவ்வாய், இரவு 11:52

ரொம்பச் சரியான ரீடிங். எட்டு வாள்களின் சாரமே அதுதான். வாள் என்றால் காற்று, காற்று என்றால் எண்ணம். அந்தப் பெண் தன் பயத்தால் தானே சிறைப்பட்டிருக்கிறாள். கால் விடுதலையாக இருக்கிறது, கட்டும் தளர்வாகத்தான் இருக்கிறது. இந்தச் சீட்டுக்கட்டை உருவாக்கிய வெய்ட்டே இது தற்காலிகத் தளைதான், மீளவே முடியாத அடிமைத்தனம் இல்லை என்று எழுதியிருக்கிறார். தோழிக்கு தைரியம் கொடுத்திருக்கிறீர்கள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குருபார்வை | புதன், காலை 6:05

தோழியின் பிறந்த தேதி, நேரம், ஊர் அனுப்பவும். ஏழில் சனியா செவ்வாயா என்று பார்க்காமல் வெறும் அட்டையை வைத்துப் பிரிவினை பற்றிப் பேசக்கூடாது. கணவர் ஜாதகமும் வேண்டும்.

நிலாச்சோறு | புதன், காலை 6:40

ஐயா, பொருத்தம் கேட்கவில்லை. அவள் விவரம் எதையும் இங்கே போட மாட்டேன்.

பழைய சீட்டு | புதன், காலை 7:15

இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கட்டோடு கிடக்கிறேன். நிலா, நீ கோபித்துக்கொள்ளாதே, இந்தச் சீட்டை நானும் பல வருடம் உன்னைப் போலத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

வழிப்போக்கன், வெய்ட் எழுதியதைச் சொன்னீர்கள். அவர் அதே இடத்தில் அடுத்து எழுதியவற்றையும் பாருங்கள். கெட்ட செய்தி, நெருக்கடி, கண்டனம், அவதூறு, விலங்கிடப்பட்ட வலிமை. "தானே கட்டிக்கொண்டாள்" என்று ஒரு சொல் கிடையாது. தற்காலிகம் என்றுதான் சொன்னார், கற்பனை என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றா? "மனச்சிறை" என்ற பொருள் பிற்பாடு சுயமுன்னேற்ற நோக்கில் எழுதியவர்கள் சேர்த்தது. வேலை மாறத் தயங்குகிறவருக்கு, பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு அது நன்றாகவே பொருந்தும். அதனால் தப்பு என்று சொல்ல வரவில்லை. யார் வந்து கேட்கிறார்கள் என்று பார்க்காமல் எல்லோருக்கும் அதையே எடுத்து நீட்டுவதுதான் தப்பு.

1909-ல் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தையே எடுத்து வையுங்கள். துணி தோளிலிருந்து இடுப்பு வரை கையோடு சேர்த்துச் சுற்றியிருக்கிறது. அப்படித் தன்னைத் தானே ஒருத்தி சுற்றிக் கட்டிக்கொள்ள முடியுமா? வீட்டில் ஒரு புடவையை வைத்து முயன்று பாருங்கள். யாரோ கட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ படத்தில் இல்லை. பின்னால் குன்றின் மேல் ஒரு கோட்டை மட்டும் நிற்கிறது. காலடியில் ஈரச் சேறு. கண் தெரியாதவளுக்குச் சேற்றில் எங்கே வழுக்கும், எந்தப் பக்கம் வாள் நிற்கிறது என்று எப்படித் தெரியும்? அவள் அசையாமல் நிற்பதைப் பயந்த புத்தி என்று படிக்கிறோம். அந்த நிலையில் அதுதான் அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பாகக்கூட இருக்கலாம்.

உன் ஸ்ப்ரெட்டில் கட்டியது யார் என்று இரண்டாம் இடமே சொல்லிவிட்டது. எம்பரர், நேராக. அதன் பிறகும் "கட்டு உன் மனதில்" என்றாயே, அங்கேதான் தடம் மாறிவிட்டாய். அவள் கேட்டது "நான்தான் பெருசு பண்றேனா?" என்று. நீ சொன்ன பதில், கிட்டத்தட்ட, "ஆமாம்."

மூன் உறுத்துகிறது என்றாய். அரை வெளிச்சத்தில் நாயும் ஓநாயும் ஒன்று போலத் தெரியும் சீட்டு அது. தன் கண்ணையே நம்பாமல் செய்யப்பட்ட ஒருத்திக்கு அது வந்தால் ரகசியம், துரோகம் என்று தேடாதே. அவள் கேட்ட கேள்வியையேதான் அது திருப்பிக் காட்டுகிறது.

நான்கு பென்டகிள்ஸை நான் சீட்டாகவே படித்திருக்க மாட்டேன். "சம்பளம் யார் கணக்கில் விழுகிறது?" என்று கேட்டிருப்பேன். காசை மார்போடு அணைத்து, காலுக்கடியிலும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் அவன். அவள் கையில் இருப்பது என்ற இடத்தில் வேறொருத்தரின் இறுகிய பிடி வந்திருக்கிறது.

சுண்டல் | புதன், காலை 8:30

78 அட்டையைக் குலுக்கினால் எது வேண்டுமானாலும் வரும். எம்பரருக்குப் பதில் எம்ப்ரஸ் வந்திருந்தால் மாமியார் கட்டினார் என்று படித்திருப்பீர்கள். கழுத்தைப் பிடித்திருக்கிறான் என்று அந்தப் பெண் வாயால் சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் என்ன சீட்டு வேண்டிக்கிடக்கிறது?

பழைய சீட்டு | புதன், காலை 8:44

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்தப் படத்தைப் பார்த்துத்தானே சொன்னாள். அதுவரைக்கும் சீட்டுக்கு வேலை இருந்தது.

தாழ்வாரம் | புதன், காலை 9:10

நான் டாரட் ஆள் இல்லை, அக்கா ஒருத்தி இங்கே எழுதுவதால் வந்து படிப்பேன். பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் ஆறு வருடம் கவுன்சிலராக வேலை பார்த்தேன். எல்லோரும் காலைப் பற்றியும் வாளைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கழுத்தைப் பற்றி இப்போது சுண்டல்தான் முதலில் வாய் திறந்திருக்கிறார்.

நிலாச்சோறு, அவசரமாக மூன்று விஷயம்.

முதலாவது கழுத்து. அறைவதும் தள்ளுவதும் ஒரு ரகம், கழுத்தை நெரிப்பது வேறு ரகம். அமெரிக்காவில் கொலையான பெண்களின் வழக்குகளை வைத்துச் செய்த ஆய்வில், முன்பு ஒரு முறையாவது அப்படி நெரிக்கப்பட்ட பெண் பிற்பாடு அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டார் என்பதால் அது குறைவதில்லை. எப்போது நடந்தது என்று கேளுங்கள். அப்போது கண் இருட்டியதா, குரல் கம்மியதா, விழுங்கும்போது வலித்ததா என்றும் கேளுங்கள். வெளியே ஒரு தடயமும் இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் காயப்பட்டிருக்க முடியும், தொந்தரவு சில நாள் கழித்துக்கூட வரும். டாக்டரிடம் "கழுத்தை நெரித்தார்" என்றே சொல்ல வேண்டும். "கழுத்து வலி" என்றால் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை. தயவுசெய்து அது நடக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஆளிடம் "போகிறேன்" என்று சொல்லும் நேரமும், போன பிறகு வரும் சில மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. அடக்கி வைத்திருப்பவர் கையை விட்டுப் போகிறது என்று உணரும் கணம் அது. பிரிவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. ஆனால் ராத்திரியில், தனியாக, ஒரே அறையில், முன்கூட்டி அறிவித்துவிட்டு என்பது வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் அனுப்பிய படம். இரவில் போனைப் பார்ப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படம் எங்கே இருக்கிறது? கூட என்ன எழுதி அனுப்பினீர்கள்?

நிலாச்சோறு | புதன், காலை 9:18

ஐயோ. "படகு ரெடி, ஏறிடு" என்று எழுதினேன். அவளுக்கு இப்போதே மெசேஜ் போடவா?

தாழ்வாரம் | புதன், காலை 9:21

வேண்டாம்! மெசேஜ் வேண்டாம், போனும் வேண்டாம். ஒரே அலுவலகம்தானே, நேரில் பேசுங்கள். படத்தை அவள் ஏற்கெனவே அழித்திருக்கலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தில் வேறு கம்ப்யூட்டர் இணைந்திருக்கிறதா என்று அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க மட்டும்தான். இணைந்திருந்தால் உடனே துண்டிக்க வேண்டாம், லொக்கேஷனையும் திடீரென்று அணைக்க வேண்டாம். அவருக்கு அதுவே தகவல். இப்போதைக்கு எல்லாம் வழக்கம்போல ஓடட்டும், முக்கியமான பேச்சு மட்டும் வேறு போனில்.

பினாங்குப் பொண்ணு | புதன், காலை 10:50

இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. என் கதையைச் சொல்கிறேன், நிலாவின் தோழிக்குப் பொருந்துமோ தெரியாது.

எட்டு மாதம், வாரம் ஒரு ரீடிங். காசு கொடுத்து. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: அவர் மாறுவாரா? ரீடர் நல்ல மனுஷிதான், ஏமாற்றுக்காரி இல்லை. ஸ்டார் வந்தால் நம்பிக்கை என்பார். டெவில் வந்தால் அவருடைய பழைய காயம் என்பார். எட்டு வாள்கள் எனக்கு நாலைந்து தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் "கண்கட்டை அவிழ்த்துக்கொள், உன் பார்வையை மாற்று" என்றார். நானும் என் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு வார மூச்சுத்திணறலை அங்கே போய் ஒரு மணி நேரம் இறக்கி வைத்துவிட்டு வருவேன், அடுத்த வாரத்துக்குத் தாங்கும். அதனாலேயே இன்னும் எட்டு மாதம் இருந்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் கேள்வியை மாற்றிக் கேட்டது அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ். மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தேன். அவரை வெளியே நிற்க வைத்துவிட்டு, "வீட்டில் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டார். எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கேயே தனி அறைக்கு அழைத்துப் போனார்கள், டாக்டர், போலீஸ், நலத்துறை ஆள் என எல்லோரும் அந்த அறைக்கே வந்தார்கள். மலேசியாவில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், தாலியான் காசே என்ற உதவி எண் 15999.

வழிப்போக்கன் | புதன், மதியம் 12:30

பினாங்குப் பொண்ணு சொன்னது மனதைத் தைக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். "நீ கட்டப்பட்டிருக்கிறாய், கட்டியவன் வேறொருவன்" என்று மட்டும் சொன்னால் அந்தப் பெண்ணின் கையில் என்ன மிஞ்சுகிறது? கால் விடுதலையாக இருப்பதைக் காட்டுவதில் ஒரு பலம் இருக்கிறது. அதை முழுக்க விட்டுவிடச் சொல்கிறீர்களா?

பழைய சீட்டு | புதன், மதியம் 1:40

விடச் சொல்லவில்லை. காலைக் காட்டலாம். ஆனால் கண்கட்டோடு ஓடச் சொல்லக் கூடாது. முதலில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, யார் கையைப் பிடிப்பார்கள் என்று தெரிய வேண்டும். அது சீட்டில் இல்லை.

ஆறு வாள்களையும் பாருங்கள். படகில் போகும் பெண் துடுப்புப் போடவில்லை, வேறொருவர் தள்ளுகிறார். அவள் முக்காடிட்டுக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு குழந்தை. ஆறு வாளும் படகுக்குள்ளேயே கூட வருகின்றன. "படகு ரெடி, ஏறிடு" என்பதற்கும் இந்தப் படத்துக்கும் எவ்வளவு தூரம்! சத்தமில்லாமல், இன்னொருவர் உதவியோடு, பாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிற பயணம் இது. படத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தாலே வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் என் மேலேயே எனக்குக் கோபம். எதை உடுத்துவது, யாரோடு பேசுவது என்று எல்லாவற்றையும் இன்னொருவர் முடிவு செய்யும் வீட்டிலிருந்து ஒருத்தி வருகிறாள். நாம் உட்கார்ந்து "நீ இதைச் செய்" என்கிறோம். அவளுக்கு இன்னொரு எம்பரர் கிடைத்துவிடுகிறார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் நான் "அவன் என்ன நினைக்கிறான்", "அவன் ஏதாவது செய்துவிடுவானா" என்ற கேள்விகளுக்குச் சீட்டு எடுப்பதில்லை. முதல் கேள்விக்குப் பதில் அவன் தலைக்குள் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் அவன் இதுவரை செய்ததில் இருக்கிறது, கட்டில் இல்லை. நல்ல சீட்டு வந்துவிட்டால் அவள் காவலைத் தளர்த்திவிடுவாள். அந்தப் பழியை என்னால் சுமக்க முடியாது.

தோத் பிரியன் | புதன், மதியம் 2:25

தோத் சீட்டுக்கட்டின் எட்டு வாள்களில் பெண்ணே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நீண்ட வாள்களைக் குறுக்கே ஆறு சின்ன வாள்கள் மறிக்கும். பெயர் "குறுக்கீடு". மிதுனத்தில் குரு. அதாவது வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் சின்னச் சின்னத் தடைகள். இந்தத் தோழியின் நிலைக்கு அதுதான் நெருக்கம் என்பேன். தினசரி வீடியோ கால், ஸ்பீக்கர் போன், கார்டு. தனித்தனியாக எடுத்தால் எதுவும் பெரிய வாளே இல்லை.

தாழ்வாரம் | புதன், மாலை 4:00

டாரட் தெரியாமலே இதை ஒப்புக்கொள்கிறேன். எங்களிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் "அடிக்கக்கூட இல்லை மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அவர்களுக்கே அற்பமாகத் தெரியும். இங்கிலாந்தில் 2015-லேயே இப்படித் தொடர்ந்து அடக்கி வைப்பதைத் தனிக் குற்றமாக்கினார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் தனிக் குற்றம் இல்லை, ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் நிறைய அடங்கும்.

கறுப்புக்கோட்டு | புதன், மாலை 6:35

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். 2005-ம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உடல்ரீதியானது மட்டும் அல்ல, வார்த்தையால் மனதை நோகடிப்பது, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் இருப்பது இரண்டும் அதில் வன்முறைதான். ஏ.டி.எம். கார்டு விஷயம் நேராக அதற்குள் வரும்.

பலருக்குத் தெரியாதது, வீட்டை விட்டு அவள்தான் போக வேண்டும் என்று இல்லை. வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவரை வெளியேறச் சொல்லி உத்தரவு போடவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அவசரம் என்று தெரிந்தால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடலாம். அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் நடந்ததை அறிக்கையாக எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார், கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு, எண் 15100. பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

இனி கசப்பான பக்கம். மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும். உத்தரவு என்பதும் காகிதம்தான், அதை மதிக்கிற ஆளிடம்தான் நன்றாக வேலை செய்யும். கழுத்தில் கை வைத்தவரிடம் காகிதத்தை மட்டும் நம்பி அதே வீட்டில் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. காவல் நிலையம் போனால் இரண்டு பேரையும் உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்பிய கதைகளும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் தனியாகப் போக வேண்டாம்.

நிலாச்சோறு, அந்தச் சட்டத்தின் 4-ம் பிரிவுப்படி நீங்களே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தால் உங்கள் மேல் வழக்கு வராது. அவள் தயங்கினால் நீங்கள் செய்துவிடுங்கள் என்பது என் கருத்து.

தாழ்வாரம் | புதன், மாலை 7:10

இதில் நான் மாறுபடுகிறேன். அவளுக்குத் தெரியாமல் தகவல் கொடுத்து, ஒரு அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டினால், அன்று ராத்திரி அந்த வீட்டில் இருக்கப்போவது அவள்தான். உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் 112, அதில் கேள்வி இல்லை. மற்றபடி அவள் சம்மதம் வேண்டும்.

கறுப்புக்கோட்டு | புதன், மாலை 7:22

சம்மதத்துக்குக் காத்திருந்து போஸ்ட்மார்ட்டம் அறிக்கை படித்தவன் நான். உங்கள் நியாயம் புரிகிறது. ஆனாலும் என் கருத்து அதுதான்.

தாழ்வாரம் | புதன், மாலை 7:50

சரி, அதை அப்படியே விடுவோம். நாளைக்கு நிலாச்சோறு செய்யக் கூடியதைச் சொல்கிறேன்.

அலுவலக லேண்ட்லைனிலிருந்து, அவளே, 181-க்குப் பேசட்டும். பெண்களுக்கான உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். என் போனுக்குத் திருப்பி அழைக்காதீர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லச் சொல்லுங்கள். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கும், அங்கே அனுப்புவார்கள். மருத்துவம், சட்ட உதவி, கவுன்சிலிங் எல்லாம் ஒரே இடத்தில், தேவைப்பட்டால் ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் என்றால் காப்பகம்.

ஆதார், பேங்க் பாஸ்புக், சான்றிதழ்கள், கல்யாணப் பதிவு. அசலை எடுத்தால் காலி இடம் காட்டிக்கொடுக்கும், முதலில் நகல் எடுத்து உங்கள் மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஆதாரோடு இணைந்திருக்கும் போன் எண் யாருடையது என்று கட்டாயம் கேளுங்கள். அவருடையதாக இருந்தால் ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அவர் கைக்குப் போகும். புதுக் கணக்கு திறப்பதுகூட அவருக்குத் தெரிந்துவிடும். எத்தனையோ திட்டம் அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சுண்டல் | புதன், இரவு 9:05

காலையில் கிண்டல் செய்ய வந்தேன். இப்போது இந்தப் பக்கத்தை என் தங்கைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அவள் போனையும் மாப்பிள்ளை பார்ப்பார் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நேரில் போய்ப் பார்க்கிறேன்.

நிலாச்சோறு | வெள்ளி, இரவு 8:15

இரண்டு நாள் எழுத முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியம் வீடியோ கால் முடிந்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினோம். முதலில் மன்னிப்புக் கேட்டேன், கட்டு உன் மனதில் இருக்கிறது என்று சொன்னது தப்பு என்று. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் பெருசு பண்ணலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். படத்தை அன்றைக்கே அழித்துவிட்டாளாம், என்னைவிட அவளுக்கு விவரம் இருக்கிறது. கழுத்து விஷயம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கப்புறம் ஒரு வாரம் குரல் கட்டியிருந்தது, சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்திருக்கிறாள். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

மனிதவளப் பிரிவு அறையிலிருந்து 181-க்குப் பேசினாள். நாற்பது நிமிடம். இன்றைக்கு அவரிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. வீட்டை விட்டுப் போகவும் அவள் இன்னும் முடிவு செய்யவில்லை, அம்மாவிடம் முதலில் பேச வேண்டும் என்கிறாள். ஆதார் எண் அவருடைய போனில்தான் இணைந்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. கிளம்பும்போது, "அவர் ஏதாவது பண்ணிடுவாரா, ஒரே ஒரு சீட்டு எடுத்துச் சொல்லேன்" என்றாள். கட்டு பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. நீயும் இப்படிப் பண்றியே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எடுத்திருக்க வேண்டுமோ?

பழைய சீட்டு | வெள்ளி, இரவு 8:40

எடுக்காதது சரி. ஆனால் வெறுங்கையோடு அனுப்பாதே. "அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, 181-ல் பேசினவரிடம் கேட்போம், நானும் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல். கோபம் இருந்துவிட்டுப் போகட்டும். உன்னிடம் அவளால் கோபப்பட முடிகிறதே.

தாழ்வாரம் | வெள்ளி, இரவு 8:52

குரல் ஒரு வாரம் கட்டியிருந்தது என்றால் டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம், மூன்று வாரம் ஆகியிருந்தாலும் சரி. தலைவலி, கை கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது ஏதாவது வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. எந்த நேரத்தில் போனால் அவருக்குச் சந்தேகம் வராது? கூட யார்?

நிலாச்சோறு | வெள்ளி, இரவு 9:03

நாளை சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை, அவருக்கு அது தெரியும். அதனால் பதினோரு மணிக்கே, அலுவலக நேரத்துக்குள், எதிர்த் தெருவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு. அவள் போன் என் மேஜையிலேயே சார்ஜில் கிடக்கும். கூட நான் போகிறேன்.